நான்கும் சரி, முதலாவது எது? பாம்புக்கடி அத்தியாயத்திலிருந்து வினா எழுதுதல்

தாதியியல் பாடநூலில் பாம்புக்கடி பற்றிய அத்தியாயத்தைத் திறந்தால், விஷமுறி மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு பட்டியலாக இருக்கும். மருந்தை நிறுத்துதல், அட்ரினலின் கொடுத்தல், ஒட்சிசன் கொடுத்தல், நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துதல், சேலைன் ஏற்றுதல், வைத்தியருக்கு அறிவித்தல், குளோர்பெனிரமின், ஹைட்ரோகோர்ட்டிசோன், பதிவு செய்தல். மாணவி இதை அப்படியே மனனம் செய்கிறாள். பரீட்சையில் "விஷமுறி மருந்துக்கான ஒவ்வாமையின்போது செய்ய வேண்டியவற்றை எழுதுக" என்று கேட்டால் முழுப் புள்ளியும் பெறுகிறாள். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒன்பதையும் ஒரே நேரத்தில் செய்ய இரண்டு கைகள் போதாது என்பதை அந்த வினா அவளிடம் கேட்பதே இல்லை.

வன்னியில் பயிற்சி முடித்துப் போகிறவர்களுக்கு இந்த அத்தியாயம் ஏட்டளவில் நிற்பதில்லை. பெரும்போக விதைப்பிலும் அறுவடையிலும் வயலுக்குள் இறங்குகிறவர்களைப் புடையன், அதாவது கண்ணாடி விரியன், கடிக்கிறது. நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிறவர்களைக் கட்டுவிரியன் கடிக்கிறது. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற இடங்களில் இரவுக் கடமையில் இருக்கும் தாதி, வைத்தியர் வேறொரு விடுதியில் இருக்கும் சில நிமிடங்களைத் தனியாகக் கடக்க நேரிடலாம். அந்த நிமிடங்களில் எதை முதலில் செய்கிறாள் என்பதைச் சோதிக்கும் பல்தேர்வு வினாக்களை இந்த அத்தியாயத்திலிருந்து எப்படி எடுக்கிறேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பகுதி இத்தகைய வினாவுக்கு ஏற்றது என்று பார்க்க வேண்டும். பாம்புகளின் இனங்கள், விஷத்தின் கூறுகள், உடலில் அது செயற்படும் விதம் ஆகியவற்றை நேரடி வினாவாகவே கேட்கலாம். அவற்றில் முதலாவது, இரண்டாவது என்ற பேச்சு இல்லை. ஒரு நோயாளியிடத்தில் ஒரே சமயத்தில் பல சரியான செயல்கள் போட்டியிடும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன். பாம்புக்கடி அத்தியாயத்தில் அப்படி மூன்று இடங்கள் தேறும்: நோயாளி வந்து சேரும் நேரம், விஷமுறி மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நேரம், ஏறி முடிந்த பின் வரும் மணித்தியாலங்கள்.

இவற்றில் நடுவில் உள்ளதுதான் மிகவும் வளமானது. இலங்கையில் பயன்படும் விஷமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுவது. ஒவ்வாமை அதில் அரிதான விபத்து அல்ல, எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டிய ஒன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு இலங்கையில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு, முன்கூட்டியே கொடுக்கப்படும் மருந்துகளுள் தோலுக்கடியில் போடும் சிறு அளவு அட்ரினலின், அதாவது 0.25 மில்லிகிராம், கடுமையான ஒவ்வாமையைக் குறைக்கிறது என்றும், ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரொமெதசினும் அப்படிக் குறைக்கவில்லை என்றும் காட்டியது. முன்மருந்து போட்டாலும் ஒவ்வாமை வரலாம். ஆகவே மருந்தைத் தொடங்கும்போதே அட்ரினலினை ஊசிக்குழாயில் எடுத்துக் கட்டிலருகே வைத்திருக்க வேண்டும். இந்தத் தகவல் வினாவில் இடம்பெறாவிட்டால் மாணவி அட்ரினலின் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் விடை தேடுவாள்.

இப்போது முதல் வினாவை எழுதுவோம்.

"வயலில் காலில் கண்ணாடி விரியன் கடித்த 45 வயது விவசாயிக்கு, குருதி உறையாதது 20 நிமிடச் சோதனையில் தெரிந்தபின், விஷமுறி மருந்து ஏறத் தொடங்கிப் பத்து நிமிடங்கள் ஆகின்றன. உடல் அரிக்கிறது என்கிறார். மார்பிலும் கைகளிலும் தடிப்புகள் எழுந்துள்ளன. குரல் கரகரக்கிறது, மூச்சில் இழுப்பு கேட்கிறது. குருதியமுக்கம் 80/50, ஒட்சிசன் செறிவு 94 சதவீதம். சக தாதி வைத்தியரை அழைக்கப் போய்விட்டார். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது எது?"

(அ) விஷமுறி மருந்து ஏறுவதை நிறுத்துதல்
(ஆ) தயாராக உள்ள அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுதல்
(இ) முகமூடி வழியே ஒட்சிசன் கொடுத்தல்
(ஈ) தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துதல்

நான்கும் இந்த நோயாளிக்குச் செய்ய வேண்டியவையே. இதுதான் இத்தகைய வினாவின் முதல் நிபந்தனை. "கடிவாயைக் கீறிவிடுதல்" என்பதை ஒரு தெரிவாக வைத்தால் அது தவறான செயல் என்று அறிந்தவள் முன்னுரிமை பற்றி எதையும் யோசிக்காமலே அதைக் கழித்துவிடுவாள். அப்போது அளக்கப்படுவது அவளுடைய நினைவாற்றல் மட்டுமே. விடை (அ). நோயை உண்டாக்குகிற பொருள் துளித்துளியாக இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. சேலைன் குழாயின் உருளையை மூடுவதற்கு ஒரு நொடி போதும், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இந்த வினாவில் வைத்தியரை அழைத்தலைத் தெரிவாக வைக்காமல், சக தாதி போய்விட்டார் என்று வினாவின் தண்டிலேயே, அதாவது தெரிவுகளுக்கு முன்வரும் நோயாளி விவரத்திலேயே, எழுதியதற்குக் காரணம் உண்டு. உதவிக்குக் குரல் கொடுப்பதும் உருளையை மூடுவதும் ஒரே நொடியில் நடக்கக் கூடியவை. வாயால் செய்வதையும் கையால் செய்வதையும் எதிரெதிரே நிறுத்தி எது முதல் என்று கேட்டால் அனுபவமுள்ள தாதி சிரித்துவிட்டுப் போவார். ஒன்று செய்யும்போது மற்றது செய்ய முடியாது என்ற நெருக்கடி உள்ள செயல்களை மட்டுமே தெரிவுகளாக வைக்க வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொன்னால் இந்த முதல் வினா சற்று எளிது. "எது ஏறினாலும் ஒவ்வாமை வந்தால் நிறுத்து" என்பதை மாணவிகள் குருதியேற்றல் அத்தியாயத்திலேயே படித்துவிடுகிறார்கள். தண்டை வாசிக்காமலே (அ) என்று போடுகிறவர்களும் உண்டு. எனவே அதே நோயாளி, அதே அளவீடுகள், ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் கூடுதலாக உள்ள இரண்டாவது வினாவை உடனே எழுதுவேன்: "மருந்து ஏறுவதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தசையில் போடுமாறு வைத்தியரின் முன்கட்டளை நோயாளியின் குறிப்பேட்டில் உள்ளது." இப்போது தெரிவுகள்: அட்ரினலின், ஒட்சிசன், ஹைட்ரோகோர்ட்டிசோன், சேலைனை விரைவாக ஏற்றுதல்.

விடை அட்ரினலின். மாணவிகள் தடுமாறுவது இங்கேதான். சிலர் ஹைட்ரோகோர்ட்டிசோனைத் தேர்ந்தெடுப்பார்கள்; விடுதியில் அதை அடிக்கடி கண்டிருப்பதால் அது அவர்களுக்குப் பழகிய மருந்து. அது வேலை செய்யத் தொடங்க மணித்தியாலங்கள் ஆகும், இந்த நோயாளிக்கோ இருப்பது நிமிடங்கள். ஒட்சிசனைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் காற்றுவழி, சுவாசம், குருதியோட்டம் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வரிசை சரியானதுதான்; ஆனால் குரல் கரகரப்பு குரல்வளை வீங்குவதையும், இழுப்பு மூச்சுக்குழாய்கள் சுருங்குவதையும், 80/50 குருதிக்குழாய்கள் தளர்வதையும் காட்டுகின்றன. இந்த மூன்றையும் திருப்பக் கூடியது தசையில் போடும் அட்ரினலின் ஒன்றே. வீங்கிக்கொண்டிருக்கும் வழியினூடாக ஒட்சிசனை அனுப்புவது அடுத்த கணத்தின் வேலை.

ஒட்சிசன் செறிவை ஏன் 94 என்று எழுதினேன் என்பது இங்கே விளங்கும். அந்த இடத்தில் 84 என்று எழுதிப் பார்த்தால் அனுபவமுள்ள தாதிகளே இரண்டாகப் பிரிவார்கள். முகமூடி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும்போது அதை முதலில் போடுவேன் என்று சொல்கிறவரின் வாதத்தை எளிதில் மறுக்க முடியாது. கற்றவர்கள் நியாயமாகப் பிரியும் இடத்தில் மாணவிக்குப் புள்ளி குறைப்பது அநியாயம். எண் ஒன்றை மாற்றினால் விடை ஆடுகிறது என்றால், விடையை ஆடாமல் நிறுத்துகிற எண்ணைத்தான் தண்டில் வைக்க வேண்டும்.

முன்கட்டளை பற்றிய வாக்கியத்தை நான் சேர்த்தது வகுப்பில் வந்த கேள்வி ஒன்றால். ஒட்டுசுட்டானிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், டொக்டர் எழுதாமல் நாங்கள் எப்படி ஊசி போடுறது? பிறகு ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. அதிகாரம் பற்றிய ஐயத்தைத் தண்டிலேயே நீக்காவிட்டால் எச்சரிக்கையான மாணவி வைத்தியருக்கு அறிவித்தலைத் தேடுவாள், துணிச்சலானவள் அட்ரினலினைத் தேர்வாள். வினா குணத்தை அளக்குமே தவிர அறிவை அளக்காது.

இந்த அத்தியாயத்தில் இன்னொரு முடிச்சும் ஒளிந்திருக்கிறது. குருதி உறையாத நோயாளிக்குத் தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்க வேண்டும், போட்ட இடத்தில் குருதி கட்டும் என்று ஒரு பக்கத்தில் இருக்கும். ஒவ்வாமைக்கு அட்ரினலினைத் தசையில் போட வேண்டும் என்று வேறொரு பக்கத்தில் இருக்கும். இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகப் படிக்கிற மாணவிக்கு முரண் தெரிவதில்லை. ஆனால் மேலே உள்ள விவசாயியின் குருதி உறையவில்லை, ஒவ்வாமையும் வந்துவிட்டது. அவரிடத்தில் இரண்டு பக்கங்களும் மோதுகின்றன. தொடையில் குருதி கட்டினால் பின்னர் பார்த்துக்கொள்ளலாம், மூடுகிற குரல்வளையும் விழுகிற அமுக்கமும் காத்திருக்க மாட்டா என்பதால் ஊசி போடத்தான் வேண்டும். ஓர் அத்தியாயத்தை வினாவாக்குகிறவர் இப்படிப்பட்ட மோதல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பட்டியல் வினா ஒருபோதும் தொடாத இடம் இது. வலிக்காகத் தசையில் ஊசி போடுவதா என்று அதே நோயாளியை வைத்துக் கேட்டால் விடை நேர்மாறாகும். அதையும் அடுத்த வினாவாக வைத்தால், விதியை விளங்கிப் படித்தவள் யார், வெறுமனே படித்தவள் யார் என்பது தெரிந்துவிடும்.

நோயாளி வந்து சேரும் நேரத்துக்குப் போவோம். இங்கே பாடநூலின் அமைப்பே மாணவியைத் தவறாக வழிநடத்தக் கூடியது. "சிகிச்சை" என்ற தலைப்பின் கீழ் முதல் வரியில் விஷமுறி மருந்து இருப்பதால் அதுதான் முதல் செயல் என்று அவள் எண்ணுகிறாள். அதைச் சோதிக்க நான் கட்டுவிரியனைப் பயன்படுத்துகிறேன். நிலத்தில் படுத்துறங்கிய 19 வயது இளைஞன் விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுந்திருக்கிறான். கடித்த அடையாளம் தெளிவாக இல்லை. வைத்தியசாலைக்கு வரும்போது இமைகள் தொங்குகின்றன, எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் தேங்கி நிற்கிறது, நிமிடத்துக்கு எட்டு மேலோட்டமான மூச்சுகள், ஒட்சிசன் செறிவு 86. தெரிவுகள்: விஷமுறி மருந்தைக் கரைக்கத் தொடங்குதல், வாயில் தேங்கியதை உறிஞ்சி எடுத்துத் தாடையை உயர்த்தி அம்பு பையால் மூச்சு கொடுத்தல், 20 நிமிடச் சோதனைக்குக் குருதி எடுத்தல், கனூலா போடுதல்.

இங்கே விடை மூச்சு. விஷமுறி மருந்தைக் கரைத்து ஏற்றுவதற்குள் இவனுடைய இதயம் நின்றுவிடலாம். அதோடு கட்டுவிரியனின் விஷம் நரம்பு முனைகளையே பழுதாக்குவதால், மருந்து ஏறினாலும் ஏற்கெனவே வந்துவிட்ட முடக்கம் உடனே திரும்புவதில்லை. நாட்கணக்கில் செயற்கை மூச்சு தேவைப்படலாம். விவசாயியின் வினாவில் காற்றுவழி என்ற வரிசையைப் பிடித்து ஒட்சிசன் என்று எழுதியவள் அங்கே தவறினாள். அதே வரிசையைப் பிடித்தவள் இங்கே சரியாகச் சொல்கிறாள். இரண்டையும் ஒரே வினாத்தாளில் வைப்பது அதற்காகத்தான். ஒரு சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் விடை போட முடியாதபடி வினாக்கள் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும்.

வந்து சேரும் நேரத்தில் நான் தொடாமல் விடும் ஒன்று, காலில் இறுகக் கட்டியிருக்கும் துணி. ஊரில் இன்றும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதை எப்போது அவிழ்ப்பது என்பதில், விஷமுறி மருந்தும் உயிர்காக்கும் வசதியும் தயாரான பின்பே அவிழ்க்க வேண்டும் என்று சில வழிகாட்டிகளில் இருக்கும். பழைய பாடநூல்கள் சிலவற்றில் உடனே அவிழ்க்கச் சொல்லியிருக்கும். விடுதியில் பின்பற்றும் நடைமுறையும் நூலும் ஒத்துப்போகாத ஒன்றை விடையாக வைத்தால், சரியாகப் படித்தவளே தண்டனை பெறுவாள். அதை வகுப்பில் பேசலாம், வினாத்தாளில் வேண்டாம்.

தாதியியலில் இன்னொரு பழக்கம் உண்டு: செயலுக்கு முன் மதிப்பிடு என்பது. அதனால் எந்த வினாவிலும் "குருதியமுக்கத்தை அளத்தல்" என்ற தெரிவைக் கண்டால் அதன் மேல் கையை வைக்கிற மாணவிகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. தண்டில் அமுக்கம் 80/50 என்று ஏற்கெனவே இருக்கும்போது மறுபடி அளப்பது தாமதமே. ஆனால் மதிப்பிடுவதுதான் முதல் செயலாகும் நிலையையும் நேர்மையாகக் காட்ட வேண்டும். விஷமுறி மருந்து ஏறும் பெண் ஒருவர் பக்கத்தில் இருக்கும் தங்கையுடன் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டிருக்கிறார், தோலில் தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை, மூச்சு நிமிடத்துக்கு 16. ஆனால் திரையில் ஒட்சிசன் செறிவு 82 என்று எழுந்து கருவி ஒலிக்கிறது. இங்கே முதலில் செய்ய வேண்டியது அவரையும் விரலில் மாட்டியிருக்கும் உணரியையும் பார்ப்பது. அது கழன்றிருக்கலாம், விரல் குளிர்ந்திருக்கலாம். நோயாளி சொல்வதும் கருவி சொல்வதும் பொருந்தாதபோது மதிப்பீடு முதலில் வருகிறது. பொருந்தும்போது செயல் முதலில் வருகிறது. இந்த வேறுபாட்டை நூலில் எந்தப் பக்கத்திலும் நான் கண்டதில்லை, ஆனால் நல்ல தாதிகள் எல்லாரும் இப்படித்தான் நடக்கிறார்கள்.

வினா தயாரானதும் இரண்டு சோதனைகளைச் செய்கிறேன். தண்டைத் தாளால் மூடிவிட்டுத் தெரிவுகளை மட்டும் ஒருவரிடம் காட்டி ஊகிக்கச் சொல்வது முதலாவது. சரியாகச் சொல்லிவிட்டால் வினா வீண். பெரும்பாலும் விடையான தெரிவுதான் மற்றவற்றைவிட நீளமாகவோ நூலின் சொற்களை அப்படியே கொண்டதாகவோ இருந்திருக்கும். மற்றையது, விடை சொல்லாமல் விடுதியில் பல வருடம் கடமை பார்த்த தாதிகளிடம் கொடுப்பது. அவர்கள் பிரிந்தால், "ஏன் இதைத் தேர்ந்தீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் "நோயாளி தனிய இருக்கிறாரா, பக்கத்தில ஆரும் நிக்கினமா எண்டு நீங்கள் எழுதேல்லையே" என்பது போன்ற பதில்தான் வரும். அவர்கள் தங்கள் மனத்தில் சேர்த்துக்கொண்ட அந்தத் தகவல்தான் தண்டில் விடுபட்ட தகவல். அதை எழுதிச் சேர்த்ததும் பிளவு மறைந்துவிடும். மறையாவிட்டால் வினாவை விட்டுவிடுவேன்.

கடைசியாக, மருந்து ஏறி முடிந்த பின் வரும் மணித்தியாலங்கள். "வைத்தியருக்கு அறிவித்தல்" என்ற தெரிவு ஒருபோதும் விடையாக வராது என்று மாணவிகள் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முன்னைய வினாத்தாள்களைப் பார்த்தே அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அந்த விதியை முறியடிக்க ஒரு வினா வேண்டும். மருந்து முடிந்து ஆறு மணித்தியாலம் கழித்து 20 நிமிடச் சோதனை மீண்டும் செய்யப்படுகிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த குருதி, அசைக்காமல் 20 நிமிடம் வைத்த பின்னும் சாய்க்கும்போது திரவமாக ஓடுகிறது. குருதியமுக்கம் 118/76, ஊசி போட்ட இடங்களிலோ ஈறிலோ கசிவு இல்லை, சிறுநீர் தெளிவாக, போதிய அளவில் போகிறது. எல்லாம் பதிவு செய்யப்பட்டுவிட்டது. தெரிவுகள்: முடிவை வைத்தியருக்கு உடனே அறிவித்தல், ஈறுகளையும் ஊசித்தடங்களையும் பார்வையிடல், சிறுநீர் அளவைக் கணக்கிடல், அமுக்கத்தை அளத்தல்.

இந்த நிலையில் தாதி தானாகப் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் பார்த்துவிட்டாள். உறையாத குருதி, இரண்டாவது தடவை விஷமுறி மருந்து ஏற்றுவதா என்ற முடிவைக் கோருகிறது. அந்த முடிவு வைத்தியருடையது. விளக்கக் குறிப்பில் இதோடு இன்னொரு வரியையும் சேர்ப்பேன்: தண்டில் "கண்ணாடிக் குழாய்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "பிளாஸ்டிக் குழாய்" என்று போட்டு, சோதனையைச் சரியான குழாயில் மறுபடி செய்தல் என்பதையும் தெரிவுகளில் ஒன்றாக வைத்தால், விடை அந்தப் பக்கம் போய்விடும். பிளாஸ்டிக்கில் குருதி உறையாமல் நிற்பதற்கு விஷம் தேவையில்லை.